முதல் இரண்டு வரியில் உங்கள் சிறப்புத் துறை தெரிய வேண்டும்: லிங்க்ட்இன் சுருக்கத்தைத் திருத்தி எழுதுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கத்தில் 2,600 எழுத்து வரை எழுத இடம் தருகிறார்களே, முதல் இரண்டு வரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

உங்கள் பக்கத்தை ஒருவர் திறக்கும்போது சுருக்கம் இடம்பெறும் About பகுதியின் முதல் சில வரிகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. மீதியைப் படிக்க அவர் see more என்பதை அழுத்த வேண்டும். கைபேசியில் தெரியும் பகுதி இன்னும் குறைவு. அழுத்துவதா, அடுத்தவரின் பக்கத்துக்குப் போவதா என்பதை அவர் அந்தச் சில வரிகளை வைத்தே முடிவு செய்கிறார்.

அவர் எந்த நிலையில் உங்கள் பக்கத்துக்கு வந்து சேர்கிறார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூருவில் வாகன மின்னணு மென்பொருள் குழுக்களுக்கு ஆள் தேடித் தரும் பணியில் இருப்பதால், எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஆள் தேவைப்படும் மேலாளர் ஒரு பணிவிவரத்தை அனுப்புவார். அதிலிருந்து வாகன மென்பொருளின் தொழில்நுட்பப் பெயர்கள் நான்கைந்தை எடுத்து ரெக்ரூட்டர் ஒரு தேடல் வரியை அமைப்பார்:

```
"UDS" AND "bootloader" AND (AUTOSAR OR "CAN FD")
```

இந்தத் தேடலுக்குக் கிடைக்கும் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோருடைய சுயவிவரத்திலும் அந்தச் சொற்கள் ஏதோ ஓர் இடத்தில் இருக்கும். ஆகவே சொல் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வியாக இருப்பதில்லை. இந்த மனிதரின் அன்றாட வேலையே இதுதானா, அல்லது இந்தச் சொல் ஒரு பழைய ப்ராஜெக்டில் வந்து போனதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தேடல் இயந்திரத்தால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ரெக்ரூட்டர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழில்நுட்பத்தில் கை வைத்து வேலை செய்தவர்கள் அல்லர் என்பதால், உங்கள் ப்ராஜெக்ட் விவரங்களைப் படித்து அவர்களாகவே ஊகித்துக்கொள்ளவும் முடியாது. முதல் இரண்டு வரி செய்ய வேண்டிய வேலை இந்த ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதுதான்.

ஹெட்லைனில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சுருக்கத்திலும் அதையே திரும்பச் சொல்ல வேண்டுமா?

ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு. தேடல் பட்டியலில் உங்கள் பெயருக்குக் கீழே தெரிவதும் அதுதான். அது பெயர்ப்பலகை போல இருந்தால் போதும்: பதவி, துறை, முக்கியமான இரண்டு தொழில்நுட்பப் பெயர்கள். சுருக்கத்தின் முதல் இரண்டு வரியோ முழு வாக்கியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயர்களுக்குள் என்ன உறவு என்பதை வாக்கியத்தால்தான் சொல்ல முடியும். ஹெட்லைனில் ‘ஆட்டோசார், யூடிஎஸ், பூட்லோடர்’ என்று மூன்று சொற்கள் வரிசையாக நின்றால், அவற்றை நீங்கள் எழுதுகிறீர்களா, சோதிக்கிறீர்களா, வேறொருவர் எழுதியதை உங்கள் ப்ராஜெக்டில் பொருத்துகிறீர்களா என்பது தெரியாது. ‘எழுதுகிறேன்’ என்ற ஒரு வினைச்சொல் வந்தவுடன் தெரிந்துவிடும்.

எட்டு வருடத்தில் எல்லாமே செய்திருக்கிறேன். இதில் எது என் சிறப்புத் துறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மையில் கடினமான பகுதி இதுதான். பெரும்பாலானவர்கள் நல்ல வாக்கியத்தைத் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் தீர்மானமாகாதது வாக்கியத்தில் என்ன சொல்வது என்பதே.

நினைவிலிருந்து தொடங்காதீர்கள். நினைவில் நிற்பது பெரும்பாலும் அண்மையில் முடித்த ப்ராஜெக்ட், அல்லது அதிகம் சிரமப்பட்ட ப்ராஜெக்ட். அதற்குப் பதிலாக, அலுவலகத்தில் ஜிரா போன்ற பணிப்பதிவில் கடந்த ஓரிரு ஆண்டுகளில் உங்கள் பெயரில் மூடப்பட்ட டிக்கெட்டுகளைத் திறந்து பாருங்கள். அவற்றில் வேறொருவரிடம் தொடங்கி, சுற்றிச் சுற்றி, கடைசியில் உங்களிடம் வந்து சேர்ந்தவை எவை என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேலாளர் பங்கிட்டுக் கொடுத்த வேலை உங்கள் குழுவின் தேவையைக் காட்டும். மற்றவர்கள் கைவிட்டு உங்களிடம் தள்ளிய வேலையோ நீங்கள் எதில் தேர்ந்தவர் என்பதைக் காட்டும். பக்கத்துக் குழுவினர் டீம்ஸில் உங்களைத் தேடி வந்து கேட்கும் கேள்விகளும் அதே கணக்கில் சேரும்.

பிறகு மறுமுனையிலிருந்து பாருங்கள். உங்களுக்கு நாளையே கிடைத்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று தோன்றும் ஐந்தாறு பணிவிளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘கட்டாயம் தேவை’ என்ற பகுதியில் இருப்பவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் பட்டியலும் இந்தப் பட்டியலும் எங்கே சந்திக்கின்றனவோ அதுவே முதல் இரண்டு வரிக்கு உரியது. முதல் பட்டியலில் மட்டும் இருப்பது உங்களுக்கு நன்றாக வரும், ஆனால் நீங்கள் விட்டுவிட விரும்பும் வேலையாக இருக்கலாம். அதை முன்னால் வைத்தால் அதற்கே அழைப்பு வரும். இரண்டாவது பட்டியலில் மட்டும் இருப்பது உங்கள் ஆசை. அதைச் சுருக்கத்தின் கடைசிப் பத்தியில், இனி செல்ல விரும்பும் திசையாக நேர்மையாகச் சொல்லலாம்.

இரண்டும் சந்திக்கவே இல்லையென்றால் சுருக்கத்தைத் திருத்திப் பயனில்லை. விரும்பும் திசையில் ஒரு சிறு பொறுப்பையாவது இப்போதைய அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிச் செய்தபின் எழுதுவது நல்லது.

ஒரு சுருக்கத்தை முழுவதுமாகத் திருத்திக் காட்ட முடியுமா?

எலெக்ட்ரானிக் சிட்டியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் மதுரைக்காரப் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு அனுபவம். கதவுப் பூட்டு, விளக்கு, வைப்பர் ஆகியவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறார். அவருடைய பழைய சுருக்கம் இப்படித் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: “வாகனத் துறையில் எட்டு ஆண்டுகளுக்கும் மேலான அனுபவமும், புதியன கற்கும் ஆர்வமும், குழுவாக இயங்கும் திறனும் கொண்ட, முடிவை நோக்கி உழைக்கும் மென்பொருள் பொறியாளர். சி, சி++, பைத்தான், கேன், ஆட்டோசார், எஜைல் ஆகியவற்றில் தேர்ந்தவர்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தை இந்த நகரத்தில் வாகன மென்பொருள் எழுதும் எவரும் அப்படியே தம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டாவது வாக்கியம் ஆறு பெயர்களை ஒரே எடையில் அடுக்குகிறது. பைத்தானில் அவர் எழுதியது சோதனைக்கான சிறிய ஸ்கிரிப்டுகள் மட்டுமே. காரின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் இணைப்பு வழியாகப் புதிய மென்பொருளை ஏற்றும் பூட்லோடரையோ அவர் தனியாளாக எழுதியிருக்கிறார். படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

டிக்கெட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது அவரிடம் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று தெரிகிறது. சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் தன் கருவியைச் செருகும்போது பெட்டி பதில் சொல்லாதது. பிழைக்குறி தவறாகப் பதிவாவது. தொழிற்சாலையில் புதிய மென்பொருளை ஏற்றும்போது பாதியில் நின்றுபோவது. டயக்னாஸ்டிக்ஸ், பிளாஷிங் என்று துறையில் சொல்லப்படும் வேலை இது. அவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய பணிவிளம்பரங்களும் இதையே கேட்கின்றன. இரண்டு பட்டியலும் சந்தித்துவிட்டன.

அவர் முதலில் எழுதிய திருத்தம் எதிர்த்திசையில் தவறியது. யூடிஎஸ் எனப்படும் ஐஎஸ்ஓ 14229 தரப்படி 0x34, 0x36, 0x37 சேவைகளை நடைமுறைப்படுத்தியதாக எழுதினார். தொகுதி தொகுதியாக மென்பொருளைப் பெட்டிக்கு அனுப்பும் சேவைகளின் எண்கள் அவை. அந்தத் துறைப் பொறியாளர் ஒருவர் உடனே புரிந்துகொள்வார். ரெக்ரூட்டரின் கையிலிருக்கும் பணிவிவரத்தில் அந்த எண்கள் இருக்கப்போவதில்லை, அதனால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பணிவிவரத்தில் இருக்கும் பெயர்கள் யூடிஎஸ், பூட்லோடர், ஆட்டோசார் ஆகியவை. முதல் இரண்டு வரியில் சொற்கள் அந்த அளவு பொதுவாக இருந்தால் போதும். எண்கள் கீழே ப்ராஜெக்ட் விவரத்தில் இருக்கட்டும், நேர்காணல் நடத்தும் பொறியாளர் அவற்றைத் தேடிப் படிப்பார்.

மூன்றாம் முறை எழுதியபோது இப்படி அமைந்தது:

```
I build the diagnostics and flash bootloader software for car ECUs
using UDS on CAN and AUTOSAR Classic, mainly for body control modules.
```

இது 140 எழுத்துக்குள் அடங்குகிறது. கைபேசியிலும் see more-க்கு முன்பே தெரிந்துவிடும் அளவு. அமைப்பைக் கவனியுங்கள். முதலில் வினை: உருவாக்குகிறேன். அடுத்து அவர் உருவாக்கும் பொருள்: டயக்னாஸ்டிக்ஸும் பூட்லோடரும். பிறகு அது எங்கே ஓடுகிறது: காரின் ஈசியூ எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியில். இவ்வளவும் முதல் வரியிலேயே வந்துவிடுகின்றன. தொழில்நுட்பம் அறியாதவருக்கும் ‘இவர் டயக்னாஸ்டிக்ஸ்காரர்’ என்பது பிடிபட்டுவிடும். ரெக்ரூட்டர் தேடிய மற்ற சொற்கள் இரண்டாவது வரியில், அந்தப் பொருளைச் செய்யப் பயன்படும் வழிகளாக இடம்பெறுகின்றன. கடைசியில் எந்த வகைப் பெட்டி என்பது. எஞ்சின் கட்டுப்பாட்டுக்கு ஆள் தேடுபவர் இதைப் பார்த்து யோசிப்பார். பாடி கன்ட்ரோலுக்குத் தேடுபவர் உடனே see more-ஐ அழுத்துவார்.

மூன்றாவது வாக்கியம் சான்று. தொழிற்சாலை வரிசையில் மென்பொருளை ஏற்ற அதிக நேரம் பிடித்ததால், ஒரு பிரேமுக்கு 8 பைட் மட்டுமே கொண்டுசெல்லும் பழைய கேன் முறையிலிருந்து 64 பைட் வரை கொண்டுசெல்லும் கேன் எஃப்டி முறைக்குத் தம் பூட்லோடரை மாற்றியதையும், அதனால் ஏற்றும் நேரம் ஏறத்தாழப் பாதியானதையும் அங்கே அவர் சொல்கிறார். பைட் எட்டு மடங்கானால் நேரம் எட்டில் ஒன்றாக வேண்டாமா என்று நேர்காணலில் கேட்பார்கள். பழைய நினைவகத்தை அழிக்கவும் புதியதைப் பதிக்கவும் ஆகும் நேரம் அப்படியே இருப்பதே காரணம் என்று அவரால் விளக்க முடியும். விளக்க முடிந்த எண்ணை மட்டுமே சுருக்கத்தில் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரையும் வண்டியின் மாடல் பெயரையும் அவர் எழுதவில்லை. பணி ஒப்பந்தத்தின் ரகசிய விதி பெரும்பாலும் இவற்றைத் தடுக்கும்.

அனுபவம் எத்தனை வருடம் என்பதை முதலில் போடுவதுதானே வழக்கம்?

வழக்கம்தான், ஆனால் தேவையில்லை. உங்கள் பணி வரலாற்றிலுள்ள தேதிகளைப் பார்த்தே அது தெரிந்துவிடும். ஒரே விதிவிலக்கு, மொத்த அனுபவமும் சிறப்புத் துறையின் அனுபவமும் வேறுபடும்போது. பன்னிரண்டு ஆண்டில் கடைசி நான்கு ஆண்டு மட்டுமே டயக்னாஸ்டிக்ஸ் என்றால், அந்த நான்கைச் சொல்வது நேர்மையும் ஆகும், பின்னால் வரும் குழப்பத்தையும் தவிர்க்கும்.

‘நான் செய்தேன்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ‘குழுவில் பங்காற்றினேன்’ என்றால் போதாதா?

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதை மிக அதிகமாகப் பார்க்கிறேன். பணிவாகப் பேச வேண்டும் என்று வளர்ந்தவர்கள், தாம் தனியாகக் கட்டியதைக்கூட ‘பங்கு கொண்டேன்’, ‘ஈடுபட்டிருந்தேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் அதைப் பணிவாக எடுத்துக்கொள்வதில்லை. ஓரமாக நின்று உதவியவர் என்றே எடுத்துக்கொள்கிறார். எழுதுவது, வடிவமைப்பது, பொருத்துவது, சோதிப்பது, பராமரிப்பது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு சம்பளம். நீங்கள் செய்தது எதுவோ அந்த வினைச்சொல்லை, கூட்டாமலும் குறைக்காமலும் போடுங்கள்.

கூட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளி நிறுவனம் ஒன்றிடம் விலைக்கு வாங்கிய பூட்லோடரை ப்ராஜெக்டில் பொருத்தியவர் ‘உருவாக்கினேன்’ என்று எழுதினால், பாதியில் மின்சாரம் போனால் உங்கள் பூட்லோடர் எந்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்கும் என்ற எளிய கேள்வியிலேயே முதல் சுற்று முடிந்துவிடும். பொருத்தும் வேலைக்கும் பெங்களூருவில் நல்ல தேவை இருக்கிறது. அதை அதன் பெயராலேயே சொன்னால் அதற்குரிய அழைப்பு வரும்.

இவ்வளவு குறுக்கி எழுதினால் மற்ற வாய்ப்புகள் கைநழுவிப் போகாதா?

சில போகும். சி++ தெரிந்த யாராக இருந்தாலும் சரி என்று மொத்தமாக அனுப்பப்படும் செய்திகள் குறையும். ஆனால் நீங்கள் எதையும் அழித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பைத்தானும் சோதனைக் கருவிகளும் திறன்கள் பகுதியிலும் பணி வரலாற்றிலும் அப்படியே இருக்கின்றன. அந்தச் சொற்களுக்கான தேடலில் நீங்கள் தொடர்ந்து அகப்படுவீர்கள். முதலில் எதைச் சொல்வது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

குறுக்கக் கூடாத சூழ்நிலைகளும் உண்டு. பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆனவர் ஒரு துணைத்துறையில் தம்மைப் பூட்டிக்கொள்வது அவசரம். அவர் துறையையும் மொழியையும் சொன்னால் போதும். உங்கள் சிறப்புத் துறை ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் கருவியைச் சார்ந்தது என்றால், கருவியின் பெயரை விட்டுவிட்டு அது தீர்க்கும் சிக்கலின் பெயரால் எழுத வேண்டும், ஏனென்றால் வெளியே யாரும் அந்தப் பெயரைத் தேடப்போவதில்லை. மேலாளர் பொறுப்புக்கு மாற விரும்புபவர் எத்தனை பேர் கொண்ட குழு, எந்தப் பொருள் என்பதை முன்னால் வைத்து, தொழில்நுட்பத்தை இரண்டாவது வரிக்குத் தள்ளலாம்.

நௌக்ரியிலும் இதே வரிகளைப் போட்டுவிடலாமா?

கருத்து அதுவே, வடிவம் வேறு. அங்கே ரெஸ்யூமே ஹெட்லைன் என்ற தனிப் பகுதிக்கு 250 எழுத்து இடம் உண்டு. மேலே உள்ள இரண்டு வரியை ‘நான்’ என்பதை நீக்கி, பதவிப் பெயரில் தொடங்குமாறு மாற்றிவிட்டால் அதில் பொருந்திவிடும். நோட்டீஸ் காலம், சம்பளம், விரும்பும் ஊர் ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனிக் கட்டங்கள் இருப்பதால் ஹெட்லைனில் அவற்றைச் சொல்லி இடத்தை வீணாக்க வேண்டாம். லிங்க்ட்இன்னில் நோட்டீஸ் காலத்தைச் சொல்ல விரும்பினால் சுருக்கத்தின் கடைசி வரியே அதற்குப் பொருத்தமான இடம்.

மாற்றியது சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேமித்தவுடன் உங்கள் பக்கத்தை வேறொருவரின் கைபேசியில் திறந்து, see more-ஐ அழுத்தாமல் எங்கே வரி வெட்டப்படுகிறது என்று பாருங்கள். பொருளைச் சொல்லும் பெயர்ச்சொல் வெட்டுக்குப் பின்னால் போயிருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள்.

அடுத்து, உங்கள் துறையில் இல்லாத நண்பர் ஒருவரிடம், முடிந்தால் ஹெச்ஆர் பணியில் இருப்பவரிடம், அந்த இரண்டு வரியை ஒருமுறை படிக்கக் கொடுத்து வாங்கிக்கொண்டு, “எனக்கு எந்த வேலையை அனுப்புவீர்கள்?” என்று கேளுங்கள். ‘மென்பொருள் வேலை’ என்று பதில் வந்தால் இன்னும் பொதுவாக இருக்கிறது. ‘ஏதோ கார் சம்பந்தமானது, சரியாகப் புரியவில்லை’ என்றால் சொற்கள் கடினமாகிவிட்டன. ‘காரில் மென்பொருள் ஏற்றுவது, பழுது கண்டுபிடிப்பது போன்றது’ என்று அவர் தம் சொற்களில் சொன்னால் வரிகள் வேலை செய்கின்றன.

உண்மையான சோதனை அதன்பின் சில வாரங்களில் வரும் செய்திகள்தான். நீங்கள் எத்தனை முறை தேடலில் தோன்றினீர்கள் என்று லிங்க்ட்இன் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது தோன்றியதைக் கணக்கிடுகிறது, பொருத்தத்தை அன்று. வரும் செய்திகளில் எத்தனை பேர் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ என்ற சொல்லைத் தாமாகவே குறிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். முன்பு ‘சி++ டெவலப்பர் தேவை’ என்று வந்த இடத்தில் இப்போது ‘பூட்லோடர் எழுதியவர் தேவை’ என்று வந்தால் முதல் இரண்டு வரி படிக்கப்படுகிறது. தேடலில் தோன்றுவது கூடி, செய்திகள் மட்டும் பழைய வகையிலேயே வந்தால், ஹெட்லைனும் சுருக்கமும் வெவ்வேறு வேலையைச் சொல்கின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். சுருக்கத்தை மாற்றிவிட்டு ஹெட்லைனை ‘சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்றே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இப்போதைய அலுவலகத்துக்குத் தெரியாமல் மாற்ற முடியுமா?

சுருக்கத்தைத் திருத்துவது யாரும் செய்யும் காரியம். அது ராஜினாமாவுக்கு அறிகுறி என்று யாரும் முடிவுகட்ட முடியாது. ஆயினும், தொடங்குமுன் அமைப்புகளில் சுயவிவர மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் தெரிவும் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்கு அது தெரியாதபடி மறைக்க லிங்க்ட்இன் முயல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. நிறுவனம் வெளி ஏஜென்சி ஒன்றின் மூலம் ஆளெடுத்தால் அந்த ஏஜென்சிக்காரர் உங்களைப் பார்க்கக்கூடும். மேலாளரிடம் இன்னும் பேசாதவர்கள் அந்தத் தெரிவைத் தொடாமல் விட்டுவிட்டு, முதல் இரண்டு வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.